கைத்தறிப் பருத்திச் சேலைக்கு கேப்ஷன், ஹேஷ்டேக் யோசனை வேண்டும் (துவைக்கும் முறையும் நெய்த ஊரும் சொல்ல வேண்டும்)

கடுகுமஞ்சள்

எல்லோருக்கும் வணக்கம். காரைக்குடியில் சிறிய அளவில் கைத்தறிப் பருத்திச் சேலை விற்கிறேன். கடை கிடையாது, முழுக்க இன்ஸ்டாகிராம்தான். என்னிடம் இரண்டு வகைச் சேலைகள் வருகின்றன. ஒரு பகுதி காரைக்குடித் தறிகளில் நெய்த கண்டாங்கி. இன்னொரு பகுதி பரமக்குடிப் பக்கம் ஒரு நெசவாளர் குடும்பம் நெய்து தருவது. பார்வைக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும். அதே கட்டம், அதே அகலக் கரை.

படத்துக்குக் கீழே "அழகிய கைத்தறி, அன்புடன் நெய்தது" என்று எழுத எனக்கு விருப்பமில்லை. வாங்குகிறவர்கள் கேட்பது வேறு. சாயம் போகுமா, சுருங்குமா, ஏன் இவ்வளவு முரடாக இருக்கிறது, எங்கே நெய்தது, இந்த நான்கும்தான் இன்பாக்ஸில் வந்துகொண்டே இருக்கின்றன. கேப்ஷனிலேயே பதில் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். இப்போதைக்கு அரக்கு உடலும் கடுகு மஞ்சள் கரையும் உள்ள ஒரு சேலைக்கு எழுதியது இது:

"செட்டிநாட்டின் மண்மணம் கமழும் கண்டாங்கி. சாயம் போகாது. கையால் மென்மையாகத் துவைக்கவும். #கைத்தறி #கண்டாங்கி #செட்டிநாடு #காட்டன்சேலை #இயற்கைச்சாயம்"

இதைத் திருத்திக் கொடுங்கள். ஹேஷ்டேக் எத்தனை போடலாம், தமிழிலா ஆங்கிலத்திலா என்பதையும் சொல்லுங்கள்.

பட்டுக்கரை

வாழ்த்துகள் சகோதரி. நான் ஒன்று சொல்கிறேன், கேப்ஷனில் "ட்ரை க்ளீன் மட்டும்" என்று போட்டுவிடுங்கள். ஜரிகை கறுக்காமல் இருக்க மஸ்லின் துணியில் சுற்றி வைக்கவும், மூன்று மாதத்துக்கு ஒரு முறை மடிப்பை மாற்றவும் என்றும் சேர்க்கலாம். என் அம்மாவின் கல்யாணச் சேலை இன்றும் அப்படியே இருக்கிறது.

கடுகுமஞ்சள்

நன்றி அண்ணா. என்னுடையது ஜரிகை இல்லாத பருத்தி, தினசரி கட்டிக்கொள்ளும் சேலை. இதற்கு ட்ரை க்ளீன் என்று எழுதினால் யாரும் வாங்க மாட்டார்கள், தேவையும் இல்லை.

மல்லிப்பந்தல்

காட்டன் சேலைக்கு என்றால் ஒரே வழிதான். முதல் தடவை கல் உப்புத் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்து அலசினால் சாயம் பிடித்துக்கொள்ளும், அப்புறம் போகவே போகாது. எங்கள் வீட்டில் பாட்டி காலத்திலிருந்து இப்படித்தான். "உப்புத் தண்ணீரில் ஊறவைத்துச் சாயத்தை நிலைநிறுத்துங்கள்" என்று கேப்ஷனில் போடுங்கள். #உப்புக்குளியல் என்று ஒரு ஹேஷ்டேக்கும் வைக்கலாம், புதிதாக இருக்கும்.

சாயப்பட்டறை

நூல் சாயம் போடும் வேலையில் பல வருடம் இருந்தவன். உப்பு விஷயத்தில் பாட்டி சொன்னது பாதி சரி. சாயத் தொட்டியில் உப்பு போடுவது உண்மை. தண்ணீரில் கரைந்திருக்கிற சாயத்தை நூல் பக்கம் தள்ளுவதற்காகப் போடுவோம். ஆனால் சாயம் போட்டு, காய்ந்து, நெய்து, சேலையாக வந்த பிறகு வீட்டு வாளியில் உப்பு போட்டால் அது நிலைநிறுத்தும் வேலையைச் செய்யாது. உப்பு இருக்கிற வரை, அந்தத் தண்ணீரில் சாயம் கொஞ்சம் குறைவாகக் கரையும். அடுத்த தடவை வெறும் தண்ணீரில் போட்டால் மறுபடி வரும். இரவு முழுக்க ஊறவைப்பது அதைவிட மோசம். அரக்கிலிருந்து இறங்குகிற சாயம் மஞ்சள் கரையில் போய் உட்கார எட்டு மணி நேரம் கொடுக்கிறீர்கள்.

கடுகுமஞ்சள் அம்மா, உங்கள் கேப்ஷனில் "சாயம் போகாது" என்று இருக்கிறதே, அது எந்தச் சாயம் என்று கேட்டீர்களா? அதைத் தெரிந்துகொள்ளாமல் துவைக்கும் முறை எழுத முடியாது. பருத்தி நூலுக்கு நம் பக்கம் பலவகைச் சாயம் போடுகிறார்கள், ஒவ்வொன்றும் வேறு விதமாகப் போகும்.

வாட் சாயம் என்றால் துவைத்தாலும் வெயில் பட்டாலும் நன்றாக நிற்கும். ரியாக்டிவ் சாயம் நூலோடு நன்றாகப் பிடித்துக்கொள்ளும். ஆனால் பிடிக்காமல் மேலே தங்கிய மிச்சத்தைப் பட்டறையில் சோப்புக் கொதிநீரில் ஒழுங்காக அலசி எடுக்கவில்லை என்றால், முதல் சில துவையலில் அது வரும், பிறகு நின்றுவிடும். டைரக்ட் சாயம் மலிவு, பின்பூச்சு ஏதும் கொடுக்காவிட்டால் ஒவ்வொரு துவையலிலும் கொஞ்சம் போய்க்கொண்டே இருக்கும். நாப்தால் சாயத்தில் கருஞ்சிவப்பும் அரக்கும் அருமையாக வரும். தண்ணீரில் அதிகம் இறங்காது, ஆனால் உரசினால் ஒட்டும். இடுப்பில், ரவிக்கைக் கையில் வியர்வையோடு உரசும்போது நிறம் ஏறும். இந்த நான்குக்கும் "கையால் மென்மையாகத் துவைக்கவும்" என்ற ஒரே வரி எப்படிப் பொருந்தும்?

நாலாம்_தெரு

இப்போதுதான் எனக்குப் புரிகிறது. போன வருடம் ஆன்லைனில் கறுப்புக் காட்டன் சேலை ஒன்று வாங்கினேன், பெயர் வேண்டாம். "முதல் துவையலில் மட்டும் லேசாகச் சாயம் போகும்" என்று சீட்டு வைத்திருந்தார்கள். வாளித் தண்ணீர் தெளிவாகவே இருந்தது. ஆனால் வெள்ளை ரவிக்கையோடு கட்டி, பஸ்ஸில் ஒரு பயணம் போய் இறங்கியபோது ரவிக்கையின் அடிப்பக்கம் முழுக்கச் சாம்பல் நிறம். புகார் சொன்னால், "நீங்கள் தப்பாகத் துவைத்திருப்பீர்கள்" என்று பதில் வந்தது. துவைத்ததில் தப்பே இல்லை. உரசினால் ஒட்டும் என்று ஒரு வார்த்தை எழுதியிருந்தால் கறுப்பு ரவிக்கை போட்டிருப்பேன், அவ்வளவுதான். என் ரவிக்கைக் கறையை எடுக்க வழி இருந்தால் சொல்லுங்கள் சார்.

சாயப்பட்டறை

உங்களுக்கு நடந்தது அதேதான் அம்மா. அடர்ந்த கறுப்பு, அரக்கு, கருநீலம் மூன்றிலும் ஈரத்தில் உரசும்போது நிறம் ஏறுவது அதிகம். ரவிக்கை முழு வெள்ளையாகவும் பருத்தியாகவும் இருந்தால், ஆக்சிஜன் ப்ளீச் பொடியை வெதுவெதுப்பான நீரில் கரைத்து ஊறவைத்துப் பாருங்கள். பழகிய கறை என்றால் முழுசாகப் போகும் என்று உறுதி சொல்ல மாட்டேன்.

கடுகுமஞ்சள் அம்மா செய்ய வேண்டியது இது. பாவு முடிந்ததும் தறியில் அச்சுக்கும் விழுதுக்கும் பின்னால் நெய்ய முடியாத மிச்ச நூல் தொங்கும். அதை வெட்டி எறிவார்கள். நெசவாளரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். உடல் நிறத்தில் ஒரு பிடி, கரை நிறத்தில் ஒரு பிடி. ஊடை வேறு நிறம் என்றால் அதிலும் கொஞ்சம் கேளுங்கள். ஒவ்வொன்றையும் சாயம் போடாத வெள்ளைப் பருத்தி நூலோடு சேர்த்துப் பின்னிக் கொள்ளுங்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் சோப்பு, கை பொறுக்கும் சூடு, அதாவது 40 டிகிரி. அரை மணி நேரம் அவ்வப்போது கிளறி, எடுத்து அலசி, பிரித்து வெள்ளை நூலைப் பாருங்கள். இதே நூல்களைப் புதுத் தண்ணீரில் ஐந்து தடவை வரை திரும்பச் செய்யுங்கள். ஒவ்வொரு தடவைத் தண்ணீரையும் ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்து வரிசையாக வையுங்கள்.

டம்ளர்கள் போகப்போகத் தெளிந்து வந்தால் அது மேலே தங்கிய மிச்சம். எத்தனையாவது டம்ளரில் தெளிகிறதோ அந்த எண்ணைத்தான் கேப்ஷனில் எழுத வேண்டும். ஐந்தாவதிலும் முதல் டம்ளர் மாதிரியே நிறம் இருந்தால் கேப்ஷனால் சரிசெய்யும் விஷயம் இல்லை, சாயம் போட்டவரிடம் போய்ப் பேச வேண்டும். பட்டறையில் கொடுக்கிற ஃபிக்ஸர் என்று ஒன்று உண்டு, அதுதான் உப்பு செய்வதாக நாம் நம்புகிற வேலையைச் செய்யும்.

அப்புறம் உரசல். வெள்ளைத் துணியைச் சுண்டு விரலில் சுற்றி, சேலையின் உள்மடிப்பில் பத்து தடவை அழுத்தித் தேயுங்கள். ஒரு முறை காய்ந்த துணியால், ஒரு முறை நனைத்துப் பிழிந்த துணியால். சோதனைக்கூடத்தில் மெஷின் வைத்துச் செய்வதும் ஏறக்குறைய இதுதான். அங்கே 1 முதல் 5 வரை மதிப்பெண் கொடுப்பார்கள், 5 என்றால் கறையே இல்லை.

மல்லிப்பந்தல்

உப்பு போட்ட பிறகு எங்கள் வீட்டுச் சேலைகளில் சாயம் போகவில்லையே சார். கண்ணால் பார்த்தது பொய்யா?

சாயப்பட்டறை

பொய் இல்லை. ஒரு தடவை அலசினதில் மிச்சச் சாயம் இறங்கிப் போயிருக்கும். உப்பு போடாமல் அலசியிருந்தாலும் போயிருக்கும். ஒரே நூலை இரண்டு பிடியாகப் பிரித்து, ஒன்றை உப்பிலும் ஒன்றை வெறும் தண்ணீரிலும் போட்டு, பிறகு இரண்டையும் சோப்பில் துவைத்துப் பாருங்கள். வீட்டிலேயே தெரிந்துவிடும்.

எழுத்தாணி

நான் விளம்பர வாசகம் எழுதுகிறவள், துணி எனக்குத் தெரியாது. எழுத்துப் பக்கம் மட்டும் சொல்கிறேன்.

ஃபீடில் முதல் ஒன்றிரண்டு வரிதான் கண்ணில் படும், மிச்சம் "மேலும்" என்பதற்குப் பின்னால் போய்விடும். உங்கள் கேப்ஷனில் அந்த இடத்தை "மண்மணம் கமழும்" எடுத்துக்கொள்கிறது. சேலை வாங்க வந்தவருக்கு அதில் ஒரு தகவலும் இல்லை. முதல் வரியில் நிறமும் ஊரும், இரண்டாவது வரியில் அவர் பயப்படுகிற விஷயத்துக்குப் பதில், இந்த வரிசையில் எழுதுங்கள். சாயம் போகும் என்றால் அதை மேலேயே சொல்லுங்கள். அடியில் ஒளித்து வைத்தால் பிறகு புகாராகத்தான் வரும்.

ஹேஷ்டேக் நிறையப் போட்டுத் திணிக்க வேண்டாம், ஐந்து போதும். அதில் இரண்டு ஆங்கில எழுத்தில் இருக்கட்டும், ஏனென்றால் தமிழ் ஆட்களே தேடும்போது #kandangi, #handloomcotton என்றுதான் தட்டுகிறார்கள். தமிழில் போடுவதில் ஒரு சிக்கல். #பருத்திச்சேலை என்று நீங்கள் ஒற்றுப் போட்டு எழுதுவீர்கள், மற்றவர்கள் #பருத்திசேலை என்பார்கள், இரண்டும் தனித்தனிப் பக்கம். உள்ளே போய் எதில் உண்மையான சேலைப் படங்கள் நிறைய இருக்கின்றன என்று பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். இடைவெளியோ சிறுகோடோ வந்தால் ஹேஷ்டேக் அங்கேயே உடைந்துவிடும். போட்ட பிறகு முழுச்சொல்லும் நீலமாகத் தெரிகிறதா என்று ஒரு முறை பாருங்கள்.

ஐந்தாவது ஹேஷ்டேக் உங்களுக்கே உரியதாக இருக்கட்டும். உதாரணமாக #முதல்நனைப்பு. துவைப்பது பற்றிய எல்லாப் பதிவுக்கும் அதையே போட்டால், சேலை வாங்கியவர் அதைத் தட்டியதும் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். அட்டைச் சீட்டிலும் அதையே அச்சடிக்கலாம்.

தறிமேடை

சங்கத்தில் கணக்கு எழுதுகிறேன், அப்பா தறி நெய்கிறவர். ஊர் விஷயத்துக்கு வருகிறேன் அக்கா.

காரைக்குடி கண்டாங்கிச் சேலைக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதனால் அந்தப் பெயர் இப்போது வெறும் டிசைன் பெயர் இல்லை, ஒரு இடத்தோடு கட்டிப்போட்ட பெயர். பரமக்குடியில் நெய்த சேலை எவ்வளவு நன்றாக இருந்தாலும், அதே கட்டம் அதே கரை என்றாலும், அதற்கு #கண்டாங்கி என்று ஹேஷ்டேக் போடக் கூடாது. காரைக்குடியில் நெய்ததற்கும் குறியீட்டு முத்திரையைப் படத்தில் போட வேண்டும் என்றால், உங்களுக்கு நெய்து தருகிறவரோ சங்கமோ அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிவு செய்திருக்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

#கைத்தறிமுத்திரை என்பதும் அப்படித்தான். 2006-இல் வந்த கைத்தறி முத்திரை, ஜவுளிக் குழுவிடம் பதிவு செய்து லேபிள் வாங்கித் தைக்க வேண்டிய ஒன்று. லேபிள் இல்லாத சேலைக்கு #கைத்தறி போடலாம், முத்திரை என்று போடக் கூடாது. #இயற்கைச்சாயம் என்பதை உடனே எடுத்துவிடுங்கள், சாயப்பட்டறை சார் சொன்னதில் எதுவும் அந்த வகை இல்லை.

"எங்கே நெய்தது" என்பதற்கு நேர்மையான பதில் ஒரு ஊர் மட்டும் இல்லை. நூல் ஒரு ஊர் ஆலையிலிருந்து சிட்டமாக வருகிறது. சாயம் இன்னொரு ஊர்ப் பட்டறை. பாவு ஓட்டுவது ஒருவர், நெய்வது ஒருவர். "காரைக்குடியில் தயாரானது" என்று மொத்தமாகச் சொல்வதைவிட "காரைக்குடித் தறியில் நெய்தது, நூலுக்குச் சாயம் போட்டது இன்ன ஊரில்" என்று பிரித்துச் சொல்லுங்கள்.

மல்லிப்பந்தல்

கைத்தறி என்று நிரூபிக்க ஒரு எளிய வழி உண்டே. கரை ஓரத்தில் ஊசி குத்தின மாதிரி சின்னச் சின்னத் துளை வரிசையாக இருக்கும். அதை ஜூம் பண்ணிப் படம் போட்டு "இந்தத் துளை இருந்தால் கைத்தறி" என்று எழுதலாம்.

தறிமேடை

அந்தத் துளை எப்படி வருகிறது என்றால், நெய்யும்போது துணி அகலத்தில் உள்வாங்காமல் இருக்க இரண்டு ஓரத்திலும் ஊசி முனை உள்ள கட்டையை விரித்துப் பொருத்துவோம். விசைத்தறியிலும் ஓரத்தைப் பிடிக்க முள் உருளை இருக்கிறது, அதுவும் துளை போடும். அதனால் துளையைக் காட்டிக் கைத்தறி என்று சொன்னால், விசைத்தறிச் சேலை விற்கிறவரும் அதே படத்தைப் போடுவார். கைத்தறித் துளை கொஞ்சம் தள்ளித்தள்ளி, கட்டையை நகர்த்தின இடத்தில் மாறி மாறி இருக்கும், பழகின கண்ணுக்குத் தெரியும். ஆனால் கேப்ஷனில் அடையாளமாகச் சொல்லும் அளவுக்கு உறுதி இல்லை.

அதற்குப் பதிலாக அந்தச் சேலையே தறியில் இருக்கும்போது எடுத்த பத்து விநாடி வீடியோ போடுங்கள். குழிக்குள் கால், மேலே நாடா ஓடுவது, அதே அரக்கு, அதே மஞ்சள் கரை. இதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

கடுகுமஞ்சள்

நிறைய கிடைத்தது, எல்லோருக்கும் நன்றி. பாவு மிச்ச நூல் வாங்கிப் பின்னித் துவைத்துப் பார்த்தேன். அரக்கில் முதல் டம்ளர் நல்ல சிவப்பு, இரண்டாவது வெளிர் ரோஜா, மூன்றாவதில் லேசான சாயல், நான்காவது தண்ணீர் மாதிரியே. கடுகு மஞ்சளில் முதல் டம்ளரிலேயே ஒன்றும் இல்லை. உரசலில் காய்ந்த துணி சுத்தம், ஈரத்துணியில் தெளிவாகச் சிவப்பு ஏறியது. சாயம் போட்டவரிடம் கேட்டேன், அரக்கு ரியாக்டிவ், மஞ்சள் வாட் என்றார்.

சேலையையும் அளந்தேன். ரவிக்கைத் துணி நீங்கலாக 5.50 மீட்டர். ஒரு முறை நனைத்து நிழலில் உலர்த்திய பிறகு 5.32. இது அதிகமா? இதை எழுதினால் பயப்படுவார்களா?

சாயப்பட்டறை

நூறுக்கு மூன்று சொச்சம். கைத்தறிப் பருத்திக்கு இயல்பான அளவு. தறியில் பாவு இழுத்துக் கட்டப்பட்டிருக்கிறது, தண்ணீர் பட்டதும் நூல் தளர்ந்து தன் நிலைக்கு வருகிறது. பெரும்பகுதி முதல் நனைப்பிலேயே முடிந்துவிடும். அரக்கு நான்காவது டம்ளரில் தெளிந்தது நல்ல செய்தி. ஈர உரசல் மட்டும் இருக்கிறது, அதைச் சொல்லிவிடுங்கள்.

நாலாம்_தெரு

5.50 மீட்டர் 5.32 ஆனால் கட்டும்போது ஒரு கொசுவம் குறையும், அதற்கு யாரும் பயப்பட மாட்டார்கள். உண்மையான தொல்லை ஃபால்ஸ்தான். புதுச் சேலையில் அப்படியே ஃபால்ஸ் தைத்துவிடுவோம். துவைத்ததும் சேலை சுருங்கும், ஃபால்ஸ் வேறு அளவில் சுருங்கும் அல்லது சுருங்கவே சுருங்காது. அடி ஓரம் முழுக்கச் சுருக்கு விழுந்து தூக்கிக்கொண்டு நிற்கும். பிறகு பிரித்துத் தைக்க வேண்டும். "ஃபால்ஸ் தைக்கும் முன்பு சேலையையும் ஃபால்ஸ் துணியையும் ஒரு முறை நனைத்துக் காயவையுங்கள்" என்று கண்டிப்பாக எழுதுங்கள். எனக்குத் தெரிந்து எந்தக் கடையும் இதைச் சொல்வதில்லை.

தறிமேடை

முரடு என்று கேட்கிறவர்களுக்கு ஒரு தனிப் பதிவே போடலாம் அக்கா. பாவு நூலுக்குக் கஞ்சி போடுகிறோம். கஞ்சி போடாமல் தறியில் ஏற்றினால் அச்சில் உரசி உரசி நூல் பிசிறடித்து அறுந்துபோகும். அரிசிக் கஞ்சியைப் பாவில் தடவி, பிரஷ் போட்டு இழை இழையாகப் பிரித்துக் காயவைப்பார்கள். தெருவில் நீளமாகப் பாவு விரித்துச் செய்வதை எங்கள் ஊரில் இன்றும் பார்க்கலாம், மழைக்காலத்தில் அந்த வேலை நின்றுவிடும். அந்தக் கஞ்சிதான் புதுச் சேலையின் விறைப்பு. மூன்று நான்கு துவையலில் இறங்கிச் சேலை மெத்தென்று ஆகிவிடும். நெய்த கதையும் இதில் வந்துவிடுகிறது, துவைக்கும் முறையும் வந்துவிடுகிறது.

சாயப்பட்டறை

அதோடு இதையும் சேருங்கள். கஞ்சி உள்ள துணியை மணிக்கணக்கில் ஊறவைத்தால் புளித்த வாடை வரும். கால் மணி நேரம் போதும். கஞ்சி போட்டு இஸ்திரி பண்ணிக் கட்டுகிறவர்கள், பெட்டியில் நீண்ட நாள் வைக்கும்போது கஞ்சியை அலசி எடுத்துவிட்டு வைக்க வேண்டும். கஞ்சிக்காகவே வெள்ளிப்பூச்சி வரும், வந்தால் கஞ்சியோடு நூலையும் அரிக்கும்.

எழுத்தாணி

எல்லாவற்றையும் ஒரே கேப்ஷனில் போட வேண்டாம். சேலைப் பதிவில் அந்தச் சேலைக்கு மட்டும் உரியது. கஞ்சி, ஃபால்ஸ் இரண்டும் தனித்தனிப் பதிவு. நீங்கள் கொடுத்த விவரத்தை வைத்து எழுதிப் பார்த்தேன்:

"அரக்கு உடல், கடுகு மஞ்சள் கரை. காரைக்குடித் தறியில் நெய்த கண்டாங்கி.
அரக்கில் முதல் மூன்று துவையலுக்குச் சாயத் தண்ணீர் வரும், நான்காவதில் நின்றுவிடும்.

அதுவரை தனியாக, குளிர்ந்த நீரில், கால் மணி நேரத்துக்கு மேல் ஊறவைக்காமல் அலசுங்கள். பிழிந்து சுருட்டி வைக்காதீர்கள், உடனே விரித்து நிழலில் உலர்த்துங்கள். வியர்க்கும் நாளில் வெள்ளை ரவிக்கை வேண்டாம், ஈரத்தில் உரசினால் அரக்கு ஒட்டும். நீளம் 5.50 மீட்டர், முதல் நனைப்புக்குப் பின் 5.32.
#கண்டாங்கி #காரைக்குடி #முதல்நனைப்பு #kandangi #handloomcotton"

கஞ்சிப் பதிவுக்கு:

"புதுச் சேலை ஏன் விறைப்பாக இருக்கிறது? பாவு நூல் தறியில் அறுந்துவிடாமல் இருக்க நெசவாளர் போட்ட அரிசிக் கஞ்சி அது. நான்கு துவையலில் இறங்கிவிடும், அதற்குப் பிறகுதான் உங்கள் சேலையின் உண்மையான மென்மை தெரியும். #முதல்நனைப்பு #கைத்தறி"

ஃபால்ஸ் பதிவுக்கு ஒரே வரி போதும்: "தையல்காரரிடம் கொடுக்கும் முன் சேலையையும் ஃபால்ஸையும் ஒரு முறை நனைத்துவிடுங்கள்." சுருக்கு விழுந்த ஓரத்தின் படத்தையும் நேரான ஓரத்தின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

சாயப்பட்டறை

நன்றாக இருக்கிறது. ஒரு எச்சரிக்கை. இந்த "மூன்று துவையல்" இந்தச் சாயத் தொகுதிக்கு மட்டும்தான். அடுத்த தடவை அதே அரக்கு வேறு நாள் போட்டு வரும்போது அலசல் குறைவாக இருந்தால் ஐந்தாகலாம். ஒவ்வொரு பாவுக்கும் மிச்ச நூல் வாங்கிப் பாருங்கள். பழைய கேப்ஷனை வெட்டி ஒட்டாதீர்கள். துணி சோப்பில் வெளுப்பூட்டி இருந்தால் அடர் நிறம் மங்கும் என்பதையும் ஒரு இடத்தில் சொல்லலாம், பூந்திக்கொட்டையோ சாதாரண சோப்புத் தண்ணீரோ போதும்.

கடுகுமஞ்சள்

இதை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். இனி பரமக்குடிச் சேலைகள். #கண்டாங்கி போடவில்லை, சரி. #செட்டிநாடுகாட்டன் போடலாமா? அந்தப் பெயரில்தான் எல்லோரும் தேடுகிறார்கள். அது இல்லாவிட்டால் அந்தச் சேலைகள் யார் கண்ணிலும் படாது.

எழுத்தாணி

போடலாம் என்பேன். அது ஒரு கட்ட பாணியின் பெயராகவே ஆகிவிட்டது. கேப்ஷனின் முதல் வரியில் "பரமக்குடியில் நெய்தது" என்று தெளிவாக இருந்தால் யாரையும் ஏமாற்றவில்லை.

தறிமேடை

எனக்கு ஒப்புதல் இல்லை. ஹேஷ்டேக் வழியாக வருகிறவர் படத்தைப் பார்ப்பார், கேப்ஷனைப் படிக்க மாட்டார். செட்டிநாட்டுச் சேலை என்று நினைத்துத்தான் வாங்குவார். பரமக்குடியில் நல்ல நெசவு இருக்கிறது, அந்த ஊர்ப் பெயரைச் சொல்லி விற்றால் நெய்கிறவருக்கும் பெயர் வரும். #பரமக்குடிகைத்தறி என்று தொடங்குங்கள். முதலில் ஆள் வர மாட்டார்கள் என்பது உண்மைதான்.

நாலாம்_தெரு

வாங்குகிறவளாகச் சொல்கிறேன், நான் #செட்டிநாடுகாட்டன் தட்டித்தான் வருவேன். ஆனால் வந்த பிறகு பரமக்குடி என்று பார்த்தால் வருத்தம் இல்லை, விலையும் துணியும் பிடித்தால் வாங்குவேன். மறைத்தால்தான் கோபம் வரும். நெய்தவர் பெயரையும் போடுவீர்களா?

கடுகுமஞ்சள்

பெயர் போடுவது பற்றி அவர்களிடம் கேட்டேன். காரைக்குடியில் ஒருவர் சந்தோஷமாகச் சரி என்றார். பரமக்குடிக் குடும்பத்தில் வேண்டாம் என்கிறார்கள், வேறு வியாபாரிக்கும் நெய்கிறார்களாம். அதனால் அங்கே ஊர் மட்டும். ஹேஷ்டேக் விஷயத்தில் இந்த மாதம் ஒரு சேலைக்கு #செட்டிநாடுகாட்டன், இன்னொன்றுக்கு #பரமக்குடிகைத்தறி மட்டும் என்று போட்டுப் பார்க்கிறேன். இரண்டிலும் முதல் வரியில் ஊர் இருக்கும்.

தறிமேடை

இரண்டையும் ஒரே விலையில், ஒரே மாதிரிப் படத்தில் போடுங்கள் அக்கா, இல்லாவிட்டால் எது எதனால் விற்றது என்று தெரியாது. அப்புறம் பரமக்குடிச் சேலைக்கும் பாவு மிச்சம் கேட்க மறக்காதீர்கள். அந்தச் சாயம் வேறு பட்டறை.